கேற் ஓடர் நழுவுது, லேத்துக்கு வரிசை நிக்குது: பட்டறையின் மேந்தலை வீதத்தில் பிழை தேடுதல்

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் ஒரு பட்டறை. முன்பக்கம் வெல்டிங்: கேற், கிறில், ட்ரக்ரர் பெட்டி, கூரைச் சட்டகம். பின்பக்கம் இரண்டு லேத், ஒரு மில்லிங் மெசின். அங்கே அரிசி ஆலைச் சாஃப்ட், புஷ், கலப்பை உதிரிகள் கடைவார்கள். வாரத்தில் இரண்டு நாள் நான் அங்கே கணக்குப் பார்க்கிறேன். ஒரு நாள் முதலாளி அண்ணை மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

“பிள்ளை, லேத்துக்கு ஆக்கள் வரிசையில நிக்கினம். கேற் கேட்டு வாறவை விலையைக் கேட்டிட்டுத் திரும்பிப் போகினம். வேலை இருக்கு, காசு நிக்குதில்லை. எங்க ஓட்டை?”

அவருக்கு முதலில் சந்தேகம் களஞ்சியத்தில்தான். இரும்பு காணாமல் போகுதோ என்று இரண்டு தரம் எண்ணிப் பார்த்தாயிற்று. இரும்பு சரியாகவே இருந்தது. ஓட்டை விலை போடும் கொப்பியில் இருந்தது.

வாடகை, கரண்ட், மெசினின் பெறுமானத்தேய்வு, சுப்பவைசர் சம்பளம் என்று எந்த ஓடரிலும் நேரே எழுத முடியாத செலவுகளைத்தான் மேந்தலைச் செலவு என்கிறோம். அவற்றை ஒரு வீதம் போட்டு ஒவ்வொரு வேலையிலும் ஏற்றுகிறோம். முழுப் பட்டறைக்கும் ஒரே வீதமா, பகுதிக்கு ஒரு வீதமா என்பதில்தான் விலை பிழைக்கிறது. கீழே அறிகுறியை வைத்துப் பாருங்கள். கணக்கு விளங்குவதற்காக எண்களை உருட்டித் தந்திருக்கிறேன். உங்கள் பட்டறையின் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அறிகுறி: ஒரு வகை ஓடர் நழுவுகிறது, இன்னொரு வகை குவிகிறது

இதுதான் பெரிய அறிகுறி. ஆகவே இதில் கொஞ்சம் நேரம் நிற்போம்.

பட்டறையின் ஒரு வருட மேந்தலைச் செலவு 60 இலட்சம் ரூபா. வெல்டிங் பகுதியில் 8 பேர், வருடத்துக்கு 16,000 மணி வேலை. மெசின் பகுதியில் 2 பேர், 4,000 மணி. கூட்டினால் 20,000 மணி. 60 இலட்சத்தை 20,000 ஆல் பிரித்தால் மணிக்கு 300 ரூபா. யார் எந்த மெசினில் நின்றாலும், ஒரு மணி வேலைக்கு 300 ரூபா ஏற்றுவது அண்ணையின் பழக்கம். அதன் மேல் மொத்தக் கிரயத்தில் நூற்றுக்கு 20 இலாபம் வைத்து விலை சொல்வார்.

இப்போது இரண்டு ஓடரைப் பாருங்கள். முதலாவது ஒரு சோடிக் கேற். இரும்பும் மற்றச் சாமானும் 50,000. வெல்டிங் 48 மணி, பிணைச்சல் ஊசி கடைய லேத் 2 மணி. வெல்டிங் கூலி மணிக்கு 400, லேத் கூலி மணிக்கு 500 என்றால் கூலி 20,200. மேந்தலை 50 மணிக்கு 15,000. மொத்தக் கிரயம் 85,200. இலாபம் சேர்த்து விலை 1,02,240.

இரண்டாவது ஓர் அரிசி ஆலைச் சாஃப்ட். உருக்கு 14,000. லேத்தும் மில்லிங்கும் 12 மணி, வெல்டிங் 2 மணி. கூலி 6,800. மேந்தலை 14 மணிக்கு 4,200. கிரயம் 25,000, விலை 30,000.

கேற் கேட்டவர் ஒரு இலட்சத்துக்கு மேல் என்றதும் மோட்டார் சைக்கிளை ஸ்ராட் பண்ணிவிடுகிறார். சாஃப்ட் கேட்டவரோ விலையைக் கேட்டதும் சிரித்துக்கொண்டு முற்பணம் கட்டுகிறார். அந்தச் சிரிப்பைத்தான் நான் முதலில் கவனித்திருக்க வேண்டும். பேரம் பேசாமல் ஆலைக்காரர் காசு நீட்டினால் விலையில் ஏதோ இருக்கிறது.

இதற்குக் காரணம், லேத் ஒரு மணி ஓட ஆகும் செலவும் வெல்டிங்காரர் ஒரு மணி நிற்க ஆகும் செலவும் ஒன்றல்ல. லேத்துக்குப் பின்னால் இலட்சக்கணக்கில் முதலும், வெட்டும் பிளேட்டும், ஒயிலும், பெயாரிங்கும் இருக்கின்றன. வெல்டிங்காரருக்குப் பின்னால் ஒரு வெல்டிங் பிளாண்டும் ஒரு கிறைண்டரும். ஒரே 300 ரூபா வைத்தால், லேத்தின் செலவை வெல்டிங் வேலை சுமக்கிறது.

சோதிப்பது எளிது. கடந்த ஆறு மாதத்தில் கிடைக்காமல் போன கொட்டேசன்களை ஒரு பக்கமும் கிடைத்தவற்றை மறுபக்கமும் அடுக்குங்கள். கிடைக்காதவை பெரும்பாலும் ஒரே பகுதி வேலையாக இருந்தால் பிழை வீதத்தில். இரண்டு வகையும் கலந்து கிடந்தால் வேறு இடத்தில் தேடுங்கள். இரும்பு வாங்கும் விலையோ, ஆட்கள் வேகமோ, அருகில் வந்த புதிய பட்டறையோ காரணமாக இருக்கலாம்.

திருத்தம்: செலவைப் பகுதி பகுதியாகப் பிரித்தல்

60 இலட்சத்தையும் இரண்டு பகுதிக்கும் இப்படிப் பிரித்தோம். எல்லாம் ஆயிரம் ரூபாவில்.

| செலவு | மொத்தம் | மெசின் | வெல்டிங் | எதை வைத்து |
|---|---|---|---|---|
| பெறுமானத்தேய்வு | 1,800 | 1,600 | 200 | சொத்து இடாப்பு |
| கரண்ட் | 1,200 | 720 | 480 | மோட்டார் வலுவும் ஓடிய நேரமும் |
| திருத்தம், பிளேட், ஒயில் | 900 | 800 | 100 | பில்லைப் பார்த்து நேரே |
| வாடகை | 600 | 150 | 450 | நிலப்பரப்பு |
| சுப்பவைசர் | 900 | 180 | 720 | ஆட்கள் தொகை |
| களஞ்சியம் | 600 | 150 | 450 | சாமான் எடுத்த துண்டுகள் |
| மொத்தம் | 6,000 | 3,600 | 2,400 | |

இதில் எங்களை அலைக்கழித்தது கரண்ட் மட்டுந்தான். பட்டறைக்கு ஒரே மீற்றர். முதலில் ஒவ்வொரு மெசினின் பெயர்த்தகட்டில் இருந்த வலுவை வேலை நேரத்தால் பெருக்கினேன். வெல்டிங்தான் கரண்டைத் தின்கிறது என்று வந்தது. அது பிழை. வெல்டிங்காரர் எட்டு மணி நின்றாலும் அந்த நேரம் முழுக்கத் தீ எரிவதில்லை. அளக்கிறார், வெட்டுகிறார், பிடிக்கிறார், தட்டுகிறார், இடையில் கொஞ்ச நேரம் எரிக்கிறார். லேத் மோட்டாரோ சுவிச் போட்டால் போட்டதுதான். இரண்டு வாரம் உண்மையாக ஓடிய நேரத்தைக் குறித்த பிறகுதான் 60க்கு 40 என்று வந்தது. வசதி இருந்தால் மெசின் பகுதிக்கு ஒரு துணை மீற்றர் போட்டுவிடுங்கள். இந்தத் தலையிடியே இராது.

வாடகையில் வெல்டிங் கூட எடுக்கிறது, ஏனென்றால் பெட்டியும் சட்டகமும் கிடக்க முற்றம் வேண்டும். ஆகவே எல்லாச் செலவும் மெசினின் தலையில்தான் விழும் என்று நினைக்க வேண்டாம்.

இனி வீதம். மெசின் பகுதி 36 இலட்சம், 4,000 மணி: மணிக்கு 900 ரூபா. வெல்டிங் 24 இலட்சம், 16,000 மணி: மணிக்கு 150 ரூபா. நடுவில் நின்ற 300 உண்மையில் எந்தப் பகுதியின் வீதமும் அல்ல.

கேற்றுக்குத் திரும்பிப் போவோம். வெல்டிங் 48 மணிக்கு 7,200, லேத் 2 மணிக்கு 1,800, மேந்தலை மொத்தம் 9,000. கிரயம் 79,200. விலை 95,040. முன்பு சொன்னதை விட 7,200 குறைவு, ஒரு இலட்சத்துக்கும் கீழே.

சாஃப்டுக்கு லேத் 12 மணிக்கு 10,800, வெல்டிங் 2 மணிக்கு 300, மொத்தம் 11,100. கிரயம் 31,900. விலை 38,280. அதாவது 30,000க்கு விற்று 5,000 இலாபம் என்று எழுதி வைத்த ஒவ்வொரு சாஃப்டும், செலவைச் சரியாகப் பிரித்தால், 1,900 ரூபா நட்டம். அண்ணை இந்த எண்ணைப் பார்த்துவிட்டுக் கல்குலேற்றரை என் கையிலிருந்து வாங்கித் தானே ஒரு தரம் அடித்துப் பார்த்தார்.

கொம்பியூட்டரில் விலை போடுகிறவர்கள் H1 கட்டத்தில் வெல்டிங் வீதம், H2 கட்டத்தில் மெசின் வீதம் வைத்து இப்படி எழுதினால் போதும். B2 வெல்டிங் மணி, C2 மெசின் மணி.

```
=B2*$H$1+C2*$H$2
```

வீதத்தைச் சூத்திரத்துக்குள் எண்ணாக எழுதாதீர்கள். அடுத்த வருடம் வீதம் மாறும்போது பழைய எண் ஏதாவது ஒரு வரியில் ஒளிந்திருக்கும்.

அறிகுறி: ஒவ்வொரு வேலையிலும் இலாபம், வருட முடிவில் காணவில்லை

வேலை அட்டைகளில் எழுதிய இலாபத்தை எல்லாம் கூட்டினால் ஒரு தொகை வருகிறது. கணக்காளர் தரும் இலாப நட்டக் கணக்கில் அதைவிட எவ்வளவோ குறைவாக நிற்கிறது. மேலே சொன்ன அறிகுறியின் அடுத்த கட்டம் இது.

ஒரு வீதம் வைத்திருந்த வருடத்தில் என்ன நடக்கும் என்று பாருங்கள். கேற் ஓடர் நழுவுவதால் வெல்டிங் மணி 16,000இலிருந்து 12,000க்கு இறங்குகிறது. மலிவு விலையால் லேத் மணி 4,000இலிருந்து 5,000க்கு ஏறுகிறது. மொத்தம் 17,000 மணி. அவற்றில் ஏற்றிய மேந்தலை 51 இலட்சம். ஆனால் செலவு 60 இலட்சத்திலிருந்து இறங்கவில்லை. வெல்டிங் ஆட்கள் சும்மா நின்றாலும் வாடகையும் சுப்பவைசரும் குறையாது. லேத் கூடுதலாக ஓடியதால் கரண்டும் பிளேட்டும் ஏறி, செலவு 62 இலட்சத்தைத் தாண்டிப் போகும். அந்தப் 11 இலட்சம் எந்த வேலை அட்டையிலும் இல்லை. களஞ்சியத்தில் தேடிக் கிடைக்காத காசு அதுதான்.

இதே மணிகளைப் பகுதி வீதத்தில் ஏற்றிப் பாருங்கள். 12,000 மணிக்கு 150 வீதம் 18 இலட்சம், 5,000 மணிக்கு 900 வீதம் 45 இலட்சம், கூட்டினால் 63 இலட்சம். செலவுக்குக் கிட்ட வந்துவிட்டது. வேலையின் கலவை மாறும்போது பகுதி வீதத்தில் ஏற்றும் தொகை அதோடு சேர்ந்து நகரும். ஒற்றை வீதத்தில் அப்படி நகராது.

சோதனை: மூன்று மாதத்துக்கு ஒரு தரம், வேலை அட்டைகளில் ஏற்றிய மேந்தலையைக் கூட்டி, அதே மூன்று மாதத்தின் உண்மைச் செலவோடு ஒப்பிடுங்கள். வருடக் கடைசி வரை காத்திருந்தால் விற்றது விற்றதுதான்.

அறிகுறி: பிரித்த பிறகும் விலை மாறவில்லை

இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று நல்லது, மற்றது கெட்டது.

நல்ல காரணம், உங்கள் வேலைகள் எல்லாம் ஒரே கலவையில் இருப்பது. எங்கள் பட்டறையில் மொத்த மணி நாலுக்கு ஒன்று என்று பிரிகிறது. வெல்டிங் 40 மணியும் லேத் 10 மணியும் எடுக்கும் ஓர் ஓடர் வந்தால், ஒற்றை வீதத்தில் 50 மணிக்கு 15,000. பகுதி வீதத்தில் 6,000உம் 9,000உம், அதுவும் 15,000. வித்தியாசமே இல்லை. பகுதிகளின் வீதங்கள் தமக்குள் வேறுபட்டு, வேலைகளும் பகுதிகளை வேறு வேறு அளவில் பயன்படுத்தினால்தான் வீதத் தெரிவு விலையை மாற்றும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் ஒற்றை வீதமே போதும், மினக்கெட வேண்டியதில்லை. ட்ரக்ரர் பெட்டி மட்டும் செய்கிற ஒரு பட்டறைக்காரர் என்னிடம் கேட்டபோது பழைய முறையையே வைத்திருக்கச் சொன்னேன்.

கெட்ட காரணம் வேலை அட்டை. எங்கள் அட்டைகளில் எண்ணெய் விரல் அடையாளத்தைத் தவிர மற்ற எல்லாம் ஒரே மாதிரி இருந்தன: 8, 8, 8, 8. வெள்ளிக்கிழமை பின்னேரம் சம்பளத்துக்கு முன்னர் ஒரு பையன் இருந்து ஐந்து நாளையும் ஒரே மூச்சில் நிரப்பியிருக்கிறான். எந்தப் பகுதி என்ற நிரலே இல்லை. சாஃப்டில் வெல்டிங் 2 மணி என்று எழுத இடமில்லாதபோது, 14 மணியும் ஏதோ ஒரு பகுதியில் போய் விழும். 14 மணியும் மெசினில் விழுந்தால் மேந்தலை 12,600. வெல்டிங்கில் விழுந்தால் 2,100. உண்மை 11,100. இப்படிப்பட்ட அட்டையோடு பகுதி வீதம் வைப்பதை விட ஒற்றை வீதத்தின் பிழையே மேல், அதன் பிழை எந்தப் பக்கம் என்றாவது தெரியும்.

அட்டையில் பகுதிக்கு ஒரு நிரல் போட்டோம். அட்டை ஆளோடு போகாமல் இரும்போடு போகும்படி, கேற் சட்டத்திலேயே கம்பியால் கட்டிவிட்டோம். வேலை லேத்துக்குப் போகும்போது அட்டையும் போகும், அங்கே நிற்பவர் எழுதுவார். பிறகு கிழமைக்கு ஒரு தரம் அட்டை மணிகளை வரவு இடாப்போடு ஒப்பிட்டேன். கொஞ்சம் குறைவது இயல்பு, பட்டறையைக் கூட்டிப் பெருக்குவதும் தேநீரும் இருக்கின்றன. வரவு இடாப்பை விட அட்டையில் கூட மணி வந்தால் யாரோ கற்பனை செய்திருக்கிறார்கள்.

அறிகுறி: விலையை ஏற்றினோம், லேத் ஓடர் குறைந்தது, வீதம் இன்னும் ஏறுகிறது

பகுதி வீதத்தின் ஆபத்து இதில்தான். அனுபவப்பட்டவர்களும் இதில் விழுகிறார்கள்.

சாஃப்ட் 38,280 என்றதும் ஆலைக்காரர் சிலர் வவுனியாவுக்கு விலை கேட்கப் போனார்கள். லேத் மணி பாதியாகி 2,000க்கு வருகிறது என்று வைப்போம். மெசின் பகுதியின் 36 இலட்சத்தில் கரண்டும் பிளேட்டும் ஒயிலும் 15.2 இலட்சம், அதாவது மணிக்கு 380. இது மெசின் ஓடினால்தான் வரும், ஆகவே பாதியாகும். மிச்சம் 20.8 இலட்சம் மெசின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் நிற்கும். கூட்டினால் 28.4 இலட்சம். அதை 2,000 ஆல் பிரித்தால் வீதம் 1,420. அதே சாஃப்டின் விலை இப்போது 45,768. மிச்சமிருந்த ஆலைக்காரரும் வவுனியா பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். அடுத்த வருடம் வீதம் இன்னும் ஏறும்.

இதை நிறுத்த ஒரே வழி, வீதத்தைக் கிடைத்த மணியில் போடாமல் சாதாரணமாக ஓடக்கூடிய மணியில் போடுவது. மெசின் பகுதி வழமையான வருடத்தில் 4,000 மணி ஓடும் என்றால் வகுப்பது 4,000 ஆலேயே. வீதம் 900இலேயே நிற்கும். ஓடாத 2,000 மணியின் நிலைச் செலவு, மணிக்கு 520 வீதம் 10.4 இலட்சம், தனி வரியாக நட்டத்தில் போகும். வந்த சாஃப்ட்காரர் வராத சாஃப்ட்காரரின் செலவைக் கட்ட வேண்டியதில்லை. இருப்புப் பெறுமதிக்கு இலங்கைக் கணக்கீட்டு நியமம் இல. 2 சொல்வதும் இதையே: நிலையான உற்பத்தி மேந்தலையைச் சாதாரணக் கொள்ளளவில் ஏற்ற வேண்டும், ஏற்றாமல் மிஞ்சியது அந்தக் காலத்தின் செலவு. அந்தத் தனி வரியை அண்ணைக்குக் காட்டுவதில் இன்னொரு பயன் உண்டு. மூன்றாவது லேத் வாங்கும் கதையை அவர் அப்புறம் எடுக்கவில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 31,900 என்பது முழுக் கிரயம், ஓடரை மறுக்கும் எல்லை அல்ல. லேத் சும்மா நிற்கும் நாளில் ஓர் ஆலைக்காரர் 30,000 தான் தருவேன் என்கிறார். அந்தச் சாஃப்டால் புதிதாகக் கையை விட்டுப் போவது உருக்கு 14,000, கரண்ட் பிளேட் வகையில் 12 மணிக்கு 4,560. கடைசல்காரர் மாதச் சம்பளம் என்றால் கூலி எப்படியும் போகிறது. ஆகவே 18,560க்கு மேல் வரும் ஒவ்வொரு ரூபாவும் அந்த நிலைச் செலவுக்கு உதவும். எடுங்கள். ஓவர்டைம் போட்டுச் செய்வதானால் ஒன்றரை மடங்குக் கூலியையும் சேருங்கள், 28,760 வரும், அப்போதும் எடுக்கலாம். ஆனால் லேத்துக்கு வரிசை நிற்கும் நாளில் 30,000க்குக் கொடுத்தால், 38,280 தரக்கூடியவரின் இடத்தை வைத்து மலிவாகக் கொடுக்கிறீர்கள்.

அறிகுறி: அதே சாஃப்ட், புரட்டாதியில் ஒரு விலை, வைகாசியில் ஒரு விலை

வன்னிப் பட்டறைக்கென்றே உள்ள வியாதி இது. காலபோக உழவு தொடங்க முன்னர் கலப்பை, பெட்டி, ட்ரக்ரர் உதிரி என்று முற்றம் நிறைந்து கிடக்கும். அப்புறம் அறுவடை முடிந்து காசு அடங்கினால் பட்டறையில் நாய்தான் படுத்திருக்கும்.

மாதம் மாதம் வீதம் போடுகிறவர் மாதச் செலவு 5 இலட்சத்தை அந்த மாத மணியால் பிரிப்பார். 2,000 மணி ஓடிய மாதம் வீதம் 250. 1,250 மணி ஓடிய மாதம் 400. வேலை இல்லாத மாதத்தில், ஓடர் தேவைப்படும் நேரத்தில், விலை ஏறுகிறது. இது பகுதி வீதமா ஒற்றை வீதமா என்பதோடு சம்பந்தப்படாத பிழை, ஆனால் பகுதிகளைப் பிரித்தால் இன்னும் கூடுதலாகத் தெரியும், ஏனென்றால் சின்னப் பகுதியின் மணி கூடுதலாக ஆடும். வருட மதிப்பீட்டில் ஒரு வீதம் போட்டு, வருடம் முழுக்க அதையே வையுங்கள். கரண்ட் கட்டணம் நடுவில் பெரிதாக மாறினால் மட்டும் திருப்பிப் போடலாம்.

அறிகுறி: கூலி மணி ஒன்றுதான், ஆனால் ஒரு வேலை மெசினைப் பிடித்து வைத்திருக்கிறது

சில வேலைகளில் கடைசல்காரர் லேத்தில் நீளமான வெட்டை ஓட விட்டுவிட்டு, மில்லிங்கில் இன்னொன்றைப் பிடிப்பார். ஆள் ஒருவர், மெசின் இரண்டு. ஆள் மணியில் ஏற்றினால் இரண்டு மெசினின் செலவும் ஒரு மெசினாக எண்ணப்படுகிறது. எங்கள் மெசின் பகுதியில் ஆள் மணி 4,000 என்றாலும் மெசின் மணி 4,800 வந்தது. அப்படியானால் 36 இலட்சத்தை 4,800 ஆல் பிரித்து மெசின் மணிக்கு 750 என்று ஏற்றுவது நியாயம். வெல்டிங்கில் ஆள்தான் வேலை, அங்கே ஆள் மணி சரி. ஒரு பகுதிக்கு ஒரு அடிப்படை, மற்றதுக்கு வேறு அடிப்படை என்பதில் தப்பில்லை. மெசின் ஓடிய நேரத்தை எழுத ஆள் கிடைத்தால் மட்டும் இதற்குப் போங்கள்.

இப்படி எல்லாம் சரி வந்த பிறகு அண்ணைக்குக் கணக்கில் ருசி பிடித்துவிட்டது. “அப்ப பெயின்ற் அடிக்கிறதுக்கும் ஒரு வீதம் போடுவமோ, பிள்ளை?” என்றார். போட்டுப் பார்த்தோம். வெல்டிங்கின் 16,000 மணியில் பெயின்ற் 1,200 மணி, அதன் பங்குச் செலவு 1,90,000. வீதம் 158.33. மிச்ச வெல்டிங் வீதம் 149.32. 48 மணியில் 6 மணி பெயின்ற் அடிக்கும் அந்தச் சோடிக் கேற்றில் மேந்தலை 20 ரூபா சொச்சம் கூடியது.

“விடுங்கோ அண்ணை” என்றேன்.